புழுங்கல் அரிசி எங்கே உடைகிறது?

(உத்தனப்பள்ளியில் உணவுத் தொழில்நுட்ப மாணவர்களுக்கும் அரிசி ஆலைத் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தானியத் தொழில்நுட்பத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘நெல்லைப் புழுக்குவதால் அரிசியின் சத்திலும் உடைபாட்டிலும் ஏற்படும் மாற்றங்களை விளக்குக.’ மாணவர்களும் இதற்குத் தவறாமல் எழுதும் பதில் ஒன்று உண்டு. சத்து கூடும், நொறுங்கல் குறையும், சோறு உதிரியாக வரும், தவிட்டில் எண்ணெய் அதிகம் கிடைக்கும். பாதி மதிப்பெண் வந்துவிடும். ஏன் பாதிதான் வருகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். இந்தப் பதிலில் ‘சத்து கூடும்’ என்பது பிழை. ‘நொறுங்கல் குறையும்’ என்பது பாதி உண்மை. நன்றாக ஊறவைத்து, நன்றாக அவித்த நெல்லே மறுநாள் ஆலையில் பொடிப்பொடியாக உடைவதை ஆலைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது எந்திரத்தைத்தான் திட்டுவோம். தவறு எந்திரத்தில் இல்லை. முந்தின நாள் மாலை களத்திலேயே அது நடந்து முடிந்திருக்கும்.

உடைபாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சத்து.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிற இந்த ஊரில், ஒரே மளிகைக் கடையில் மூன்று வகை மூட்டைகளைப் பார்க்கலாம். கர்நாடகத்துக்காரர்கள் விரும்பும் பச்சரிசி, நம் பக்கத்துப் புழுங்கல், இரண்டுக்கும் நடுவில் ‘ஸ்டீம்’ என்று சொல்லும் அரிசி. எல்லை தாண்டினால் பழக்கம் மாறுகிறது. இந்தப் பழக்க வித்தியாசம் நாக்கின் சங்கதி மட்டும் இல்லை. ஒரு காலத்தில் அது உயிரின் சங்கதியாக இருந்தது, அதைக் கண்டுபிடித்த வரலாற்றில் தமிழர்கள் சாட்சிகளாக நிற்கிறார்கள்.

நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றுவிடும். தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களைத்தான் அது பெரிதும் தாக்கியது. அதே ஊரில், அதே வெயிலில், அதைவிட வசதிக்குறைவாக வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் அந்த நோய் அரிதாக இருந்தது. அங்கே பணிபுரிந்த பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, காரணம் அரிசியில் இருக்கிறது என்றார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து பழகிவந்த புழுங்கல்.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். 1905 முடிவில் தொடங்கி 1906 முழுவதும், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, ஒரு பிரிவுக்குப் புழுங்கல். மற்ற உணவெல்லாம் ஒன்றே. பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி பரவியது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. தங்கள் சம்மதம் கேட்கப்படாத அந்த மனிதர்கள் செத்துத்தான் இந்தப் பாடம் நம் புத்தகத்துக்கு வந்தது. அதனால்தான் இதை மதிப்பெண்ணுக்கான பத்தியாக மட்டும் படிக்க என்னால் முடிவதில்லை.

பிறகு குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அய்க்ராய்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்திய அரிசிகளை அளந்து, 1940-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், பச்சரிசி உண்டவர்களிடம் பெரிபெரி இருந்தது. தெற்கே, புழுங்கல் உண்ட தமிழ்நாட்டில் அது பெரிய நோயாக இல்லை. மலாயாவில் கண்ட அதே கோடு இங்கேயும் தெரிந்தது.

இந்த நோயைத் தடுப்பது பி1 வைட்டமின், அதாவது தயமின். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையில் 100 கிராம் அரிசிக்கு உள்ள அளவைப் பாருங்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம். ஆலையில் தீட்டிய புழுங்கலில் 0.21. ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஆனால் அதே அட்டவணையில் கைக்குத்தல் பச்சரிசிக்கும் 0.21-தான் இருக்கிறது. இந்த மூன்றாவது எண்ணைத்தான் மாணவர்கள் தவறவிடுகிறார்கள். புழுக்கல் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. நெல்லில் இருந்ததை ஆலை தவிட்டோடு கொண்டுபோய்விடாமல் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘சத்து கூடும்’ என்று எழுதாதீர்கள். ‘தீட்டும்போது ஏற்படும் சத்து இழப்பு குறையும்’ என்று எழுதுங்கள். நியாசினிலும் இதே கதை: பச்சரிசியில் 1.9, புழுங்கலில் 3.8. புரதத்தில் சொல்லிக்கொள்ளும்படியான லாபம் எதுவும் கிடையாது. ரிபோபிளேவினிலும் அப்படித்தான். எல்லாச் சத்தையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால் அது தவறான பதில்.

தினம் 400 கிராம் அரிசி சாப்பிடும் ஒருவருக்குப் பச்சரிசியிலிருந்து கிடைக்கும் தயமின் 0.24 மில்லிகிராம்; புழுங்கலிலிருந்து 0.84. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் தேவை. சோற்றைத் தவிர வேறு அதிகம் கிடைக்காத ஏழைக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் நேற்றுவரை களிதான் முக்கிய உணவு. ராகியில் 100 கிராமுக்கு 0.42 இருக்கிறது. களியை விட்டுவிட்டு வெள்ளை வெளேரென்ற பச்சரிசிக்கு மாறும் குடும்பம் தயமினில் ஏழில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. புழுங்கலுக்கு மாறினால் பாதிக்குத்தான் இறங்கும்.

சரி, புழுக்கல் இதை எப்படிச் செய்கிறது? அரிசியின் தயமினில் ஏறக்குறைய பாதி முளைக்கருவை ஒட்டிய சிறு தகட்டில் இருக்கிறது. எடையில் அது நூற்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி தவிட்டு அடுக்குகளில் இருக்கிறது. தீட்டும் கல் முதலில் பறிப்பது இந்த இரண்டையும்தான். நெல் ஊறும்போது தண்ணீரில் கரையும் இந்த வைட்டமின்கள் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே நகர்கின்றன. பிறகு ஆவி பட்டதும் மாவுச்சத்து கூழாகி, உருகி ஒட்டி, இறுகுகிறது. நகர்ந்து வந்தவை அங்கேயே பிடிபட்டுவிடுகின்றன. தவிடு போனாலும் அவை போவதில்லை. அரிசி களையும்போது பச்சரிசி கணிசமாக இழக்கிறது, புழுங்கல் மிகக் குறைவாகவே இழக்கிறது, காரணம் இதுவே.

மாவுச்சத்து கூழாகி இறுகும் அதே நிகழ்ச்சிதான் உடைபாட்டையும் தடுக்கிறது. தேர்வில் இவற்றை இரண்டு தனித்தனி நன்மைகளாக எழுதுகிறார்கள். ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்று எழுதினால், விஷயம் புரிந்து எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

நெல் வயலிலேயே விரிசல் விடும். முற்றிக் காய்ந்த கதிரின் மேல் இரவுப் பனி விழும், அல்லது அறுவடை நேரத்தில் மழை வரும். காய்ந்த மணி ஈரத்தை இழுத்து மேல்புறம் உப்பும், உள்ளே உப்பாது. அந்த இழுவையில் மணியின் குறுக்கே மயிரிழை போல் பிளவு விழுகிறது. உமிக்குள் இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. இந்த நெல்லைப் பச்சையாக அரைத்தால் பிளவு விழுந்த இடத்தில் மணி இரண்டாகும், மூன்றாகும். அதே நெல்லை ஊறவைத்து அவித்தால், கூழான மாவுச்சத்து பிளவுக்குள் நிறைந்து மணியை மறுபடி ஒரே துண்டாக்கிவிடுகிறது. வெள்ளை வயிறு என்று சொல்கிறோமே, மணியின் நடுவில் சுண்ணாம்பு போல் தளர்ந்த பகுதி, அதுவும் இறுகிக் கண்ணாடி போல் ஆகிவிடும். பச்சையாக அரைத்தால் ஐந்தில் ஒரு பங்கு நொறுங்கும் நெல்லைக்கூட, சரியாகப் புழுக்கினால் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். பழைய ஹல்லர் காலத்தில் நம் ஊர்களில் புழுங்கல் ஏன் இவ்வளவு வேரூன்றியது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். இரும்பு உருளையில் உமியையும் தவிட்டையும் ஒரே முரட்டுத்தனத்தில் உரிக்கும் அந்த எந்திரத்தைப் புழுங்கல் மட்டும்தான் தாங்கியது.

இனி வேலையின் படிகள். முதல் படி ஊறவைப்பது. ஊரில் பச்சைத் தண்ணீரில் இரண்டு, மூன்று நாள் ஊறவைப்பார்கள். நீர் புளித்து நாறும், பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை சோறு வரை வரும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் இதற்கு ஒரு மாற்று வழி தந்தது. தொட்டியில் தண்ணீரை முதலில் 85 டிகிரி வரை சூடாக்கு, அதில் நெல்லைக் கொட்டு, இரண்டும் சேர்ந்து 70 டிகிரிக்கு வரும், மூன்று மூன்றரை மணி நேரத்தில் ஊறிவிடும். தேர்வில் ‘85 டிகிரியில் ஊறவைக்க வேண்டும்’ என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். 85 என்பது நெல் போடுவதற்கு முன்பு தண்ணீர் இருக்கும் சூடு. ஊறும் சூடு 70. அதற்கு மேலே போய் 75, 80 என்று ஊறினால் மாவுச்சத்து தொட்டியிலேயே கூழாகத் தொடங்கும். நெல் அளவுக்கு மீறி நீர் குடித்து உமி வெடிக்கும், வெடித்த வாய் வழியாகச் சத்து தண்ணீரில் கரைந்து சாக்கடைக்குப் போகும். நூற்றுக்கு 30 ஈரப்பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஊறியது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு பத்து நெல்லை எடுத்து உமி நீக்கிக் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் காய்ந்த வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தண்ணீர் அங்கே போகவில்லை. தண்ணீர் போகாத இடத்தில் எவ்வளவு ஆவி விட்டாலும் மாவு கூழாகாது. இந்தக் குறையை அவியலில் சரிசெய்ய முடியாது.

அவிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரண ஆவியில் பத்திலிருந்து இருபது நிமிடம். உமி இலேசாக வாய் திறப்பது அடையாளம். குறைந்தால் நடுவில் வெள்ளை நிற்கும், அந்த மணி பச்சரிசி போலவே உடையும். கூடினால் அரிசி பழுப்பேறும், தயமினும் வெப்பத்தில் அழியத் தொடங்கும். திருவாரூரில் தொடங்கித் தஞ்சாவூரில் வளர்ந்த நெல் பதன ஆராய்ச்சி நிலையம் அழுத்தத்தில் அவிக்கும் முறையை உருவாக்கியது. ஊறும் நேரம் அதில் வெகுவாகக் குறைகிறது, நிறம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஏறும். அந்த நிலையம்தான் இன்று தஞ்சாவூரில் நிப்டெம் என்ற பெயரில் இருக்கிறது. ஸ்டீம் அரிசியைப் பற்றிக் கேட்பீர்கள். குறைவாக ஊறவைத்து, குறைவாக ஆவி காட்டுவது அது. உள்ளே எவ்வளவு கூழானதோ அவ்வளவுக்குத்தான் பலன். மூட்டையில் உள்ள பெயரை வைத்து அதன் சத்தைச் சொல்லிவிட முடியாது.

இப்போது களத்துக்கு வருவோம். என் பேச்சின் மையமே இங்கேதான்.

கணக்காகவே பார்ப்போம். நூற்றுக்கு 12 ஈரமுள்ள 1000 கிலோ நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் உலர்பொருள் 880 கிலோ. கடைசிவரை இந்த 880 மாறாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஊறி 30 சதவீதம் ஆனதும் எடை 880-ஐ 0.70-ஆல் வகுத்தால் 1257 கிலோ. அவித்தபின் ஈரம் 35 சதவீதம் என்றால் 880-ஐ 0.65-ஆல் வகுக்க, 1354. இதை அரைப்பதற்கு ஏற்ற 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 1023. ஆக, வெளியேற்ற வேண்டிய தண்ணீர் சுமார் 330 கிலோ. மாணவர்கள் இங்கே விடையை அடிக்கோடிட்டு நிறுத்திவிடுவார்கள். நான் இன்னொரு வரி கேட்கிறேன். 35-லிருந்து 16 சதவீதம் வரை வருவதற்கு எவ்வளவு தண்ணீர் போகிறது? 880-ஐ 0.84-ஆல் வகுத்தால் 1048. போனது 306 கிலோ. 16-லிருந்து 14-க்கு வர மிச்சம் எவ்வளவு? வெறும் 24 கிலோ.

அரிசியை உடைப்பது இந்த 24 கிலோதான்.

முதல் 306 கிலோ போகும்வரை மணி நெகிழ்வாக இருக்கிறது. மேல்புறம் காய்ந்து சுருங்கினாலும் உள்ளிருக்கும் ஈரம் அதற்கு இடம் கொடுக்கிறது. சுடுவெயிலில் காயலாம், டிரையரில் சூட்டுக்காற்று விடலாம், உடையாது. 16-க்குக் கீழே இறங்கும்போது மணி கண்ணாடி போல் விறைக்கிறது. அந்த நேரத்தில் மேல்புறம் வறண்டிருக்க, நடுவில் ஈரம் தேங்கியிருக்கிறது. உலர்த்துவதை நிறுத்தியதும் நடுவில் உள்ள ஈரம் மேல்புறத்துக்கு நகர்கிறது. மேல்புறம் உப்பப் பார்க்கிறது, நடுப்பகுதி சுருங்குகிறது. விறைத்த மணி இரண்டுக்கும் இடையில் பிளக்கிறது. வயலில் பனி பட்டு விழுந்த அதே பிளவு, ஆவியால் மூடிய பிறகு மறுபடி விழுகிறது. இந்த முறை அதை மூட யாரும் இல்லை.

1967-ல் மைசூர் நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஆர். பட்டாச்சார்யாவும் ஒய்.எம். இந்துதர சுவாமியும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. புழுங்கல் நெல் ஏறக்குறைய 16 சதவீதம் வரை பத்திரமாகக் காய்கிறது, அதற்குக் கீழே ஒரே மூச்சில் இறக்கினால்தான் சேதம். அதைவிட முக்கியமான விஷயம், விரிசல் உலரும்போது விழுவதில்லை. உலர்த்தி முடித்துச் சில மணி நேரம் கழித்து விழத் தொடங்குகிறது. இது ஏமாற்றும் சேதம். மாலையில் டிரையரை விட்டு இறக்கிய சூட்டோடு ஒரு கைப்பிடி அரைத்துப் பார்த்தால் அரிசி முழுசாக வரும். மேஸ்திரி திருப்தியாக வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை அதே நெல் ஆலையில் நொறுங்கும், ஆபரேட்டருக்குத் திட்டு விழும்.

மருந்து எளிமையானது, செலவும் இல்லாதது. 16, 17 சதவீதத்தில் உலர்த்துவதை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போதே குவித்து மூடி இரண்டு மணி நேரம் விடுங்கள். ஆறிய நெல்லானால் எட்டு மணி நேரம், அதாவது ஓர் இரவு. உள்ளீரம் மேலீரத்தோடு சமப்படும். அதன்பின் மீதி இரண்டு சதவீதத்தை இரண்டாம் முறையாக இறக்குங்கள். களத்தில் மாலையில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மறுநாள் மீண்டும் பரப்பும் பழைய அவியல்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். பனிக்குப் பயந்து குவித்திருக்கலாம். அரிசிக்கும் அது நல்லதாக முடிந்தது.

சேதம் நடந்ததா என்று அறிய நூறு நெல்லைக் கையால் உமி நீக்கி, கறுப்புத் தாளில் பரப்பி, பக்கவாட்டில் கைவிளக்கை அடியுங்கள். பிளவு உள்ள மணியில் குறுக்கே ஒளிக்கோடு வெட்டிக் காட்டும். எண்ணுங்கள். ஆனால் இந்தச் சோதனையை உலர்த்திய மாலையில் செய்யாதீர்கள், ஒரு நாள் கழித்துச் செய்யுங்கள். அதேபோல, ஆலையில் உடைபாடு வந்தால் எந்திரத்தைத் தொடுவதற்கு முன் இந்த நூறு மணியைப் பாருங்கள். முப்பது மணியில் பிளவு இருந்தால் எந்திரத்தை எப்படித் திருகினாலும் பயன் இல்லை.

ஆலைப் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதர், தூசி, கல் நீக்குவது முதலில். அடுத்து ரப்பர் ரோல்: எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகள், ஒன்று வேகம், ஒன்று மெது. அந்த வேக வித்தியாசம்தான் உமியைக் கழற்றுகிறது. இடைவெளியை அதிகம் நெருக்கினால் மணி நசுங்கும், ரப்பரும் சீக்கிரம் தேயும். புழுங்கலில் உமி ஏற்கெனவே வாய் திறந்திருப்பதால் நெருக்கம் குறைவாகவே போதும். காற்றில் உமியை ஊதி, உரியாத நெல்லைப் பிரித்துத் திரும்ப அனுப்பி, பழுப்பரிசியைத் தீட்டும் எந்திரத்துக்கு விடுவார்கள். கடைசியில் சலித்துக் குருணையைப் பிரிப்பார்கள், கறுத்த மணியை நிறம் பார்க்கும் எந்திரம் தள்ளும்.

தீட்டுவதில் ஒரு விஷயத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். ஊறும்போது வைட்டமின் உள்ளே போகிறது என்றேன். அவியலில் எண்ணெய் நேர்மாறாக வெளிப்புறம் வருகிறது. அதனால் புழுங்கல் தவிட்டில் எண்ணெய் அதிகம். பச்சரிசித் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் என்றால் இதில் 25-ஐ ஒட்டிப் போகும். எண்ணெயைக் கெடுக்கும் நொதியும் ஆவியில் செத்துவிடுவதால் அந்தத் தவிடு சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிப்பதில்லை. எண்ணெய் ஆலைக்கு அது லாபம். அரிசி ஆலைக்குத் தொல்லை: எண்ணெய்ப் பிசுக்கான தவிடு சல்லடைக் கண்ணை அடைக்கும், மணியும் கடினமாகிவிட்டதால் தீட்ட அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தம் கூடினால் சூடு கூடும். இங்கே ஆலைக்காரர் பச்சரிசியின் வெண்மையைப் புழுங்கலில் வரவைக்க முயன்றால் இரண்டையும் இழப்பார். உள்ளே நகர்ந்த தயமின் மணி முழுக்கச் சமமாகப் பரவிவிடுவதில்லை. மேல்புறம் அதிகம், நடுவில் குறைவு. ஆகவே கூடுதலாகத் தீட்டும் ஒவ்வொரு சுற்றும் காப்பாற்றி வைத்ததைத்தான் சுரண்டுகிறது. புழுங்கலில் சத்து தங்கும் என்ற பதிலுக்குப் பின்னால் ‘மிதமாகத் தீட்டினால்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வக வினாவில் மதிப்பெண் போகும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 200 கிராம் நெல், உமி நீக்கியபின் 156 கிராம், தீட்டியபின் 144, அதில் முழு அரிசி 118 என்று தந்திருப்பார்கள். தீட்டிய அளவு என்பது போன தவிடான 12-ஐப் பழுப்பரிசியான 156-ஆல் வகுப்பது: 7.7 சதவீதம். முழு அரிசி விளைச்சல் 118-ஐ நெல்லான 200-ஆல் வகுப்பது: 59 சதவீதம். உடைபாடு 26-ஐத் தீட்டிய அரிசியான 144-ஆல் வகுப்பது: 18 சதவீதம். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வகுக்கும் எண். எல்லாவற்றையும் 200-ஆல் வகுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அரசுக் கொள்முதல் நெல்லை அரைக்கும் ஆலைகளுக்கு ஒரு குவிண்டால் நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ திருப்பித் தர வேண்டும் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த ஒரு கிலோ வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பிளவு மூடிய கதையைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். உடைந்த துண்டின் முனைகள் தீட்டும்போது மாவாகித் தவிட்டோடு போகும். முழு மணி அப்படி இழப்பதில்லை.

மாணவர்களே, அந்தக் கேள்வி வரும்போது நன்மைகளை வரிசையாக எண் போட்டு எழுதாதீர்கள். ஊறலில் நகர்வது, ஆவியில் பிடிபடுவது, உலர்த்தலில் தப்புவது, தீட்டலில் மிஞ்சுவது என்று ஒரு மணி நெல்லின் பின்னாலேயே போய் எழுதுங்கள். ஆலை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈரமானி ஒன்று வாங்கிக் களத்திலும் டிரையர் வாயிலும் வையுங்கள், 16-ல் நிறுத்துங்கள், ஓர் இரவு குவித்து வையுங்கள். இந்தப் பருவத்தில் ஒரு தொட்டி நெல்லை இப்படியும் ஒரு தொட்டியை வழக்கம்போலவும் உலர்த்தி, இரண்டின் குருணையையும் தராசில் வைத்துப் பாருங்கள்.